போனுக்குள் போன பஞ்சு

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், என் போன் செத்துக் கிடக்கிறது. பட்டனை அமுக்கினால் வெளிச்சம் இல்லை, அதிர்வு இல்லை. சார்ஜர் ஒயர் சொருகியேதான் இருக்கு, ஆனால் பேட்டரி படம்கூட வரவில்லை. ராத்திரி 6 சதவீதம் இருக்கும்போது சார்ஜில் போட்டுட்டுத்தான் படுத்தேன்.

போன் போனால் போகட்டும்னு இருந்திருப்பேன். சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டால் நம்பர் நம்மகிட்டயேதான் இருக்கும், பேங்க் ஓடிபி எல்லாம் அதுல வந்துரும். ஆனால் அதுக்குள்ள ஒரு போட்டோ இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை எங்க பருத்தியை ஏவாரி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போனார். 10 மூட்டை. ஒவ்வொரு மூட்டை எடையையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தார். கிலோ 68 ரூபாய்னு பேச்சு, முன்பணம் 10,000 கொடுத்துட்டார், மீதியைத் திங்கட்கிழமை வந்து முடிக்கிறதா ஏற்பாடு. சீட்டை வாங்கின கையோட போட்டோ எடுத்தேன், சீட்டைச் சட்டைப் பையில் வச்சேன். சட்டை மறுநாள் துவைக்கப் போயிருச்சு. சீட்டு கஞ்சியாகி வந்துச்சு. போட்டோ எல்லாம் தானா கூகுள்ல சேர்ந்துக்கும்னு மகன் சொல்லிக்கொடுத்திருந்தான், நான்தான் டேட்டா தீர்ந்துரும்னு அதை அணைச்சு வச்சிருந்தேன். ஆக, அந்தக் கணக்கு இருக்கிற ஒரே இடம் செத்துப்போன அந்த போன்தான்.

முந்தின ராத்திரி நடந்ததையும் சொல்லணும். பத்து மணி சுமாருக்கு வீட்டுல பல்பு திடீர்னு பளீர்னு எரிஞ்சுது. ஃபேன் பேய் மாதிரி சுத்துச்சு. இது என்னன்னு கிராமத்துக்காரனுக்குத் தெரியும். கம்பத்துல நியூட்ரல் விட்டுப்போச்சு. மூணு ஃபேஸ் லைன்ல நியூட்ரல் கழண்டுச்சுன்னா ஒரு வீட்டுக்கு 230 வோல்ட் வர்ற இடத்துல 300, 350, சில சமயம் 400 வரைக்கும் போயிரும், பக்கத்து வீட்டுக்கு அதே நேரத்துல மங்கிப்போகும். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிட்டேன். இருட்டுலயே படுத்தோம். காலையில லைன்மேன் வந்து கம்பம் ஏறிச் சரிபண்ணிட்டுப் போனார். அதுக்கப்புறம்தான் போனைப் பார்க்கிறேன்.

முதல் காரியமா வீட்டுக்காரியோட பட்டன் போன்ல இருந்து என் நம்பருக்குக் கூப்பிட்டேன். இது மகன் ஒரு தடவை சொன்ன யோசனை. போன் உள்ளே உயிரோட இருந்து திரை மட்டும் செத்திருந்தால், கூப்பிட்டால் மணி அடிக்கும். அப்படின்னா சார்ஜர், பேட்டரின்னு அலையவே வேண்டாம், திரைக்குத்தான் வைத்தியம். எனக்கு 'சுவிட்ச் ஆஃப்'னு வந்துச்சு. சில சமயம் போன் உள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டு உறைஞ்சு நிக்கும், அதுக்கு பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து இருபது வினாடி அமுக்கிப் பிடிக்கணும். அதையும் செஞ்சேன். அசையலை.

டவுனுக்குப் பஸ் ஏறினேன். ஒரு மொபைல் கடையில கொடுத்தேன். தம்பி அவன் சார்ஜரை எடுத்துச் சொருகினான், ஒரு நிமிஷம் பார்த்தான். நான் ராத்திரி கரண்ட் கூடுதலா வந்த கதையைச் சொன்னேன். "அப்போ போர்டு போயிருக்கும்ண்ணே. 3,500 ஆகும். போர்டு மாத்தினா உள்ளே இருக்கிற போட்டோ, நம்பர் எதுவும் வராது, பரவாயில்லையா?"ன்னான். போட்டோவெல்லாம் தங்கியிருக்கிற சில்லு அந்த போர்டுலயே பற்ற வச்சிருக்கும். போர்டை மாத்தினால் வீட்டையே மாத்தின மாதிரி. யோசிச்சுச் சொல்றேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அந்தத் தம்பியைக் குத்தம் சொல்ல மாட்டேன். கடை நிறைய ஆள், என் பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. நானே கரண்ட் கதையைச் சொல்லி அவன் மனசுல போர்டைப் போட்டுட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ல உட்கார்ந்து யோசிச்சேன். போர்வெல் மோட்டார் ஓடலைன்னா நான் என்ன செய்வேன்? எடுத்த எடுப்புல மோட்டார் காயில் போச்சுன்னு முடிவு பண்ணி 300 அடி குழாயை மேலே இழுக்க மாட்டேன். அதுக்கு ஆள் கூலி, வண்டி வாடகைன்னு ஆயிரக்கணக்குல போகும். முதல்ல கம்பத்துல மூணு ஃபேஸும் வருதா, அப்புறம் ஃப்யூஸ், அப்புறம் ஸ்டார்ட்டர், அப்புறம் கேபிள். எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் மோட்டார் மேலே கை வைப்போம். இருபது வருஷமா மோட்டாருக்குச் செய்யறதைப் போனுக்கு ஏன் செய்யலை? போனிலும் வழி அதேதான். சுவத்துல பிளக் பாயிண்ட், அதுல மாட்டுற அடாப்டர், ஒயர், போன் அடியில இருக்கிற ஓட்டை, அதுக்குள்ள பேட்டரி, கடைசியா போர்டு. நாங்க முதல் ஐந்தையும் விட்டுட்டு ஆறாவதுல போய் நின்னுட்டோம்.

வீட்டுக்கு வந்தால் நல்ல நேரம், மகள் வயித்துப் பேத்தி பொங்கல் லீவுக்கு வந்தவள் இன்னும் ஊருக்குப் போகலை. அவகிட்ட படிக்கிறதுக்கு ஒரு டேப்லெட் இருக்கு. அதுக்கும் என் போனுக்கும் ஒரே மாதிரி ஓட்டைதான், டைப் சி. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகுமே, அது. இந்த மாதிரி வேலைக்கு ஒரு சாட்சி வேணும். நல்லா இருக்குன்னு சந்தேகமில்லாமல் தெரிஞ்ச ஒரு கருவி, ஒரு அடாப்டர், ஒரு ஒயர். அது மூணும் பேத்திகிட்ட இருந்துச்சு. முதல்ல அதை அப்படியே சேர்த்து மாட்டிப் பார்த்தோம். டேப்லெட்டுல சார்ஜ் ஏறுது. அப்போ பிளக் பாயிண்டும் சரி, அந்த மூணும் சரி.

இப்போ இதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தணும். ரெண்டு மாத்தக் கூடாது. ரெண்டு மாத்தினால் எது குத்தவாளின்னு தெரியாது. கடையில நடந்தது அதுதான், அவன் அடாப்டரும் ஒயரும் சேர்த்து மாத்தினான், சார்ஜ் ஏறலைன்னதும் மிச்சம் எல்லாமே போர்டுன்னு ஆயிருச்சு.

பேத்தி அடாப்டரைக் கழட்டிட்டு என் அடாப்டரை வச்சேன். அவ ஒயர், அவ டேப்லெட். ஏறலை. வேற பிளக் பாயிண்ட்ல வச்சேன், அங்கேயும் ஏறலை. மூக்கு கிட்ட கொண்டுபோனால் லேசா கருகின வாடை. சரி, என் அடாப்டர் போச்சு. ராத்திரி வந்த கரண்டைக் குடிச்சது இதுதான். அடாப்டர் மேலே பொடி எழுத்துல இன்புட் 100-240 வோல்ட்னு போட்டிருப்பான். அதனாலதான் எங்க ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் 170க்கு இறங்கினாலும் போன் சார்ஜர் கவலைப்படாது, பல்புதான் மங்கும். ஆனால் மேல் பக்கம் அவ்வளவு தாங்காது. ஒரு நல்ல சேதி என்னன்னா, அடாப்டருக்குள்ள சுவத்துக் கரண்ட் பக்கமும் போன் பக்கமும் நேரடியாத் தொட்டுக்கிறதில்லை, நடுவுல ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதனால இந்த மாதிரி சமயத்துல பெரும்பாலும் அடாப்டர்தான் சாகும், போனுக்கு அடி போறது அபூர்வம். தரமான அடாப்டருக்குத்தான் இந்த உத்தரவாதம். பஸ் ஸ்டாண்டுல 60 ரூபாய்க்குத் தொங்குறதை நம்பி நான் இதைச் சொல்லலை.

அடுத்தது ஒயர். பேத்தி அடாப்டர், என் ஒயர், பேத்தி டேப்லெட். ஏறுது! எனக்கு ஆச்சரியம். ஏன்னா பத்து நாளா நான் திட்டிக்கிட்டு இருந்தது அந்த ஒயரைத்தான். போன்ல சொருகினால் ஏறும், கொஞ்சம் அசைஞ்சால் நின்னுரும். ஒயரை ஒரு பக்கமா வளைச்சு, அடியில தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து, மூச்சு விடாமல் விட்டுட்டு வருவேன். ஒயர் அறுந்துபோச்சுன்னு முடிவு பண்ணி 120 ரூபாய்க்குப் புதுசும் வாங்கினேன். அதுலயும் அதே கதை. புது ஒயரும் மட்டம்னு நினைச்சுத் தூக்கி வச்சுட்டேன். இப்போ பார்த்தால் ரெண்டு ஒயரும் நிரபராதி.

இதைப் பத்து நாள் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம். விட்டு விட்டுச் சார்ஜ் ஏறும்போது, சொருகியிருக்கிற பிளக்கின் தலையை ரெண்டு விரலால் அசையாமல் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பின்னாடி ஒயரை மட்டும் மெதுவா வளைக்கணும். அப்போ விட்டு விட்டு வந்தால் ஒயர்தான் கெட்டது. ஒயர் எப்பவும் கழுத்துல, பிளக்குக்குள்ள நுழையற இடத்துலதான் உள்ளே அறும், வெளித்தோல் நல்லாவே இருக்கும். ஒயரை வளைச்சும் ஒண்ணும் ஆகலை, ஆனால் தலையை மேலேயும் கீழேயும் லேசா அமுக்கினால் போய்ப் போய் வருதுன்னால், குறை போனோட ஓட்டையில. நான் எப்பவும் ஒயரையும் தலையையும் சேர்த்தே பிடிச்சு ஆட்டினேன். தீப்பெட்டி முட்டுக்கொடுத்தது ஒயரை இல்லை, தலையைத்தான் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு இப்போதான் புரிஞ்சுது.

கடைசியா நல்ல அடாப்டர், நல்ல ஒயர், என் போன். சொருகினோம். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தோம். ஒண்ணும் இல்லை.

மனசு கனத்துப்போச்சு. கடைக்காரத் தம்பி சொன்னதுதான் சரியோன்னு ஆயிருச்சு. வீட்டுக்காரி வந்து, "ஏங்க, விட்டுத் தொலைங்க, ஏவாரி என்ன ஏமாத்தவா போறாரு"ன்னாள். ஏமாத்த மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல.

பேத்திதான் அதைக் கவனிச்சாள். "தாத்தா, என் டேப்ல ஒயர் ஃபுல்லா உள்ள போகுது. உங்க போன்ல கொஞ்சம் வெளிய நிக்குது பாருங்க." ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். டேப்லெட்டுல பிளக்கோட வெள்ளி நிறத் தகடு முழுசா மறையுது, மறையும்போது 'டக்'னு விரலுக்கு ஒரு உணர்ச்சி வருது. அப்படியே தொங்கவிட்டாலும் ஒயர் கழண்டு விழலை. என் போன்ல ஒரு நகம் கனத்துக்குத் தகடு வெளியே தெரியுது. டக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. போனைத் தூக்கினால் ஒயர் நழுவி விழுது.

டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தேன். சுத்தமாத்தான் தெரிஞ்சுது. குப்பை எதுவும் இல்லை. இங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்கன்னு நினைக்கிறேன். குப்பைன்னால் உதிரியா, நூல் நூலா தெரியும்னு எதிர்பார்க்கிறோம். ஆனால் தினமும் ஒயரைச் சொருகிச் சொருகி நாமளே உலக்கையால இடிக்கிற மாதிரி அதை அடியில கெட்டிச்சு வச்சிருக்கோம். சாணி மெழுகின தரை மாதிரி சமமா, கறுப்பா இருக்கும். அதுதான் ஓட்டையோட அடின்னு கண்ணு நம்பிரும். டேப்லெட் ஓட்டையிலும் டார்ச் அடிச்சுப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரிஞ்சுது. அது கிணறு, என்னது குட்டை.

அதை எடுக்க வீட்டுக்காரி ஊக்கு கொண்டுவந்தாள். வேண்டாம்னுட்டேன். டைப் சி ஓட்டைக்கு நடுவுல நாக்கு மாதிரி ஒரு மெல்லிசான பட்டை நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கு மேலே 12, கீழே 12, ஆக 24 பொடிப்பொடியான செம்புக் கோடுகள். கரண்ட் ஏர்றது, போட்டோ கம்ப்யூட்டருக்குப் போறது எல்லாம் அது வழியாத்தான். ஊக்கு, ஊசி, குண்டூசி எதுவா இருந்தாலும் இரும்பு. கோட்டைக் கீறும், பக்கத்துக் கோட்டோட சேர்த்துவிடும், நாக்கையே ஒடிச்சாலும் ஒடிக்கும். நாக்கு ஒடிஞ்சால் அப்புறம் சார்ஜிங் பின் மாத்தியே ஆகணும். வாயால ஊதவும் கூடாது. ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போய் அந்தச் செம்பு பச்சை பூத்துரும், போதாததுக்குப் பஞ்சு இன்னும் உள்ளே போகும். தண்ணி, எண்ணெய், சென்ட் பாட்டில், எதையும் அடிக்கக் கூடாது.

விளக்குமாத்துல இருந்து காய்ஞ்ச ஈர்க்குச்சி ஒண்ணு உருவினேன். நாக்குக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சாதாரண பல்குச்சி அப்படியே போகாது. பிளேடால ஈர்க்கின் நுனியை ரெண்டு பக்கமும் சீவி, தட்டையா, காகிதக் கனத்துக்குச் சற்று மேலே இருக்கிற மாதிரி ஆக்கினேன். பிசிறு இல்லாமல் சீவணும், இல்லைன்னால் அதுவே உள்ளே ஒடிஞ்சு நிக்கும். போன் அணைஞ்சுதான் இருக்கு. உயிரோட இருக்கிற போனா இருந்தால் முதல்ல முழுசா அணைச்சுட்டு, ஒயரையும் கழட்டிட்டுத்தான் இந்த வேலை. ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி போனைப் பிடிச்சுக்கிட்டேன், பேத்தி டார்ச் பிடிச்சாள். குச்சியை நாக்குப் பக்கம் கொண்டுபோகாமல், வெளிச்சுவரை ஒட்டியே மூலைக்கு இறக்கினேன். ரெண்டு ஓரத்துலயும் வளைவா ஒரு மூலை இருக்கு, அங்கேதான் பிடி கிடைக்கும். குத்தாமல், சுரண்டாமல், காதுல அழுக்கு எடுக்கிற மாதிரி அடியில கொடுத்து வெளிப்பக்கமா இழுத்தேன்.

முதல் இழுப்புல ஒண்ணும் வரலை. நாலாவது, அஞ்சாவது இழுப்புல ஒரு ஓரம் பேர்ந்துச்சு. அப்புறம் ஒரு துண்டு அப்படியே கழண்டு விழுந்துச்சு, கம்பளித் துண்டு மாதிரி. உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன். மேல் பக்கம் கருப்பு, எங்க கரிசல் மண் தூசி. உள் பக்கம் வெள்ளை வெளேர்னு பருத்தி. மார்கழியில இருந்து பருத்தி எடுக்கிறோம், மடியில கட்டின பஞ்சும் சட்டைப் பையில ஒட்டின பஞ்சும் அந்தப் பையிலேயே தலைகீழா கிடந்த போனுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கு. நகரத்துல இருக்கிறவங்களுக்கு வயல் பஞ்சு இருக்காது, ஆனால் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள்ள நூல் பிசிறு இருக்கும். பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் தையல் ஓரத்துல சாம்பல் நிறமா உருண்டு கிடக்குமே, அதே சரக்குதான். மொத்தமா எடுத்ததைச் சேர்த்து உருட்டினால் ஒரு கடுகுக்கும் மிளகுக்கும் நடுவுல இருந்துச்சு. அவ்வளவுதான். 3,500 ரூபாய்.

சொருகினேன். டக். ஒயர் பிடிச்சு நின்னுச்சு. மூணு பேரும் திரையையே பார்த்தோம்.

ஒண்ணும் வரலை.

அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். நான் ஒயரைக் கழட்டி மாட்டினேன். பவர் பட்டனை அமுக்கினேன். பேத்தி முகம் வாடிப்போச்சு. அந்த நேரத்துலதான் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கிற என் மச்சான் வேற வேலையா வந்தான். விஷயத்தைச் சொன்னேன். "மாமா, முதல்ல அந்தப் பட்டனை விடுங்க"ன்னான். வண்டிப் பெட்டியில இருந்து விரல் நீளத்துக்கு ஒரு சின்ன மீட்டரை எடுத்தான். அடாப்டருக்கும் ஒயருக்கும் நடுவுல மாட்டுறது. எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் போகுதுன்னு எண்ணுல காட்டும். மாட்டினதும் 5 வோல்ட் சொச்சம், 0.1 ஆம்பியர் பக்கம்னு காட்டுச்சு. "பூஜ்ஜியம் இல்லை பாருங்க. குடிக்குது. மெதுவாக் குடிக்குது. ஒரு மணி நேரம் கை வைக்காதீங்க."

அவன் விளக்கினது இதுதான். இந்த லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறிக் காலியாகிட்டால் ஒரேயடியா வேகமா சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுப்போகும். அதனால போனுக்குள்ள இருக்கிற சார்ஜிங் சில்லு, பேட்டரி 3 வோல்ட் பக்கம் ஏறுற வரைக்கும் சொட்டுச் சொட்டாத்தான் விடும். பட்டினி கிடந்தவனுக்கு முதல்ல கஞ்சித்தண்ணி கொடுக்கிற மாதிரி. அந்த நேரத்துல திரையை எரிய வைக்கக்கூடத் தெம்பு இருக்காது, அதனால படமும் வராது. பார்க்கிறவனுக்குச் செத்த போனுக்கும் கஞ்சி குடிக்கிற போனுக்கும் வித்தியாசமே தெரியாது. அதுல நான் காலையில இருந்து நூறு தடவை பட்டனை அமுக்கியிருக்கேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது எழுந்திருக்கப் பார்த்து, மிச்சம் இருந்த கொஞ்சத்தையும் செலவழிச்சிருக்கு.

மீட்டர் இல்லாதவங்க என்ன செய்யறதுன்னு கேட்டேன். "பிளக் முழுசா உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் வச்சிருங்க. அதுக்கப்புறமும் படம் வரலைன்னால் அப்போ பேட்டரி, பின், போர்டு இதுல ஒண்ணுன்னு கடைக்குப் போங்க"ன்னான். கடையில ஒரு நிமிஷம் பார்த்துட்டுச் சொன்னது எவ்வளவு அவசரம்னு அப்போ தெரிஞ்சுது. பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால்கூட ஒரு நிமிஷத்துல அந்தப் போன் கண் திறந்திருக்காது.

நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். "தாத்தா!"ன்னு ஒரு சத்தம். ஓடிவந்தேன். கறுப்புத் திரையில ஒரு பேட்டரி படம், 1 சதவீதம். மீட்டர்ல ஆம்பியர் ஒன்றரைக்குப் பக்கம் ஏறியிருந்துச்சு.

உடனே போட வேண்டாம்னு மச்சான் சொன்னான், 20 ஆகட்டும்னு காத்திருந்தோம். போட்டதும் ஒயரைக் கழட்டாமலேயே முதல் வேலையா அந்தச் சீட்டு போட்டோவை மகனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், வீட்டுக்காரி நம்பரைத் தவிர்த்து வீட்டுல எத்தனை நம்பர் உண்டோ எல்லாத்துக்கும் அனுப்பினேன். அவளுக்குப் பட்டன் போன்.

ஒயரைக் கழட்டாமல் அனுப்பினது நல்லதாப் போச்சு. ராத்திரி 100 வரைக்கும் ஏத்தி, காலையில எடுத்துட்டுப் போனேன். மத்தியானம் 38 காட்டிக்கிட்டு இருந்தது, ஒரு போன் பேசும்போது படக்குனு அணைஞ்சுருச்சு. வீட்டுக்கு வந்து ஒயர் மாட்டிப் போட்டால் 35னு காட்டுது. இது பேட்டரி கிழடானதுக்கு அடையாளம். போன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி பேட்டரி ஐந்நூறு தடவை முழுசாக் குடிச்சு முழுசாக் காலியானால் தெம்பு குறைய ஆரம்பிச்சுரும். அப்புறம் சதவீதக் கணக்கு பொய் சொல்லும், வேலை கொடுத்தால் மயங்கி விழும், ஒயரோட இருந்தால் மட்டும் நல்லா இருக்கும். சனிக்கிழமை அதே கடைக்குப் போய் அதே தம்பிகிட்ட 900 ரூபாய்க்கு பேட்டரி மாத்தினேன். பஞ்சுத் துண்டைக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். பார்த்துட்டுத் தலையைச் சொறிஞ்சான். பேட்டரி மாத்தினதுக்குக் கூலி வாங்கலை.

திங்கட்கிழமை ஏவாரி வந்தார். நோட்டை விரிச்சார். மொத்தம் 620 கிலோன்னார். நான் 640ன்னேன். அவர் கோபப்படலை, நானும்தான். போட்டோவைத் திறந்து பெரிசாக்கிக் காட்டினேன். ஏழாவது மூட்டை சீட்டுல 67, நோட்டுல 47. ரெண்டுமே அவர் கையெழுத்துதான். நோட்டுக்குப் பெயர்த்து எழுதும்போது கை தவறியிருக்கு. 1,360 ரூபாய் வித்தியாசம். அடிச்சுத் திருத்தி, 43,520ல முன்பணத்தைக் கழிச்சு 33,520 எண்ணி வச்சார்.

"போன் நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டு நாளா சரியாச் சார்ஜே ஏறலை, உங்க குச்சி வைத்தியத்தைப் பாருங்க"ன்னு அவர் போனை நீட்டினார். வாங்கி நம்ம ஒயரைச் சொருகினேன். டக்குனு உட்கார்ந்துச்சு, தகடு முழுசா மறைஞ்சுது. அப்போ பஞ்சு இல்லை. திண்ணையில மல்லாக்க வச்சேன். போன் சமமா உட்காராமல் தட்டாமாலை சுத்துச்சு. உறையைக் கழட்டிப் பார்த்தால் பின் மூடி ஒரு ஓரத்துல பிளந்து, நடுவுல தலையணை மாதிரி உப்பியிருக்கு.

சட்டுனு ஒயரைப் பிடுங்கிட்டேன். உள்ளே பேட்டரி வாயு கட்டி வீங்கியிருக்கு. இதுக்குக் குச்சியும் கிடையாது, காத்திருக்கிறதும் கிடையாது. இனிமேல் சார்ஜ் போடக் கூடாது, மூடியை அமுக்கி மூடப் பார்க்கக் கூடாது, பொத்தல் விழுந்தால் தீப்பிடிக்கும். அவர் அதைத் திரும்பச் சட்டைப் பையில வைக்கப் போனார், நெஞ்சுக்கு நேரா. வாங்கி அணைச்சு, சிம்மைக் கழட்டிக் கொடுத்துட்டு, போனை ஒரு தகரத் தட்டுல வச்சு வண்டியோட முன் பெட்டியில, பருத்திச் சாக்கு எதுவும் பக்கத்துல இல்லாமல் பார்த்து வச்சுவிட்டேன். நேரா கடைக்குப் போங்க, வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கன்னேன். சாயங்காலம் வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டார். கடைக்காரத் தம்பி பேட்டரியைக் கழட்டும்போது கடைக்கு வெளியே எடுத்துட்டுப் போய்த்தான் கழட்டினானாம்.

தகரத் தட்டு இன்னும் திரும்பி வரலை. வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள்.